தொலைந்த உத்தரவுக்கு ஒரு நகல்

வெந்நீரில் ஊறவைத்த கால் நகங்களை சிஸ்டர் ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருந்தாள். நகத்துக்குரிய பெரியவர் படுக்கையில் கிடந்து மூன்று வருஷம். ஓரத்தில் சதையைக் கிள்ளிவிடாமல் நேராக வெட்ட வேண்டும். அந்த நேரத்தில் அவள் யாரோடும் பேச மாட்டாள். அன்றைக்கு வாசலில் வந்து நின்ற தம்பியோடும் பேசவில்லை. கத்தரியைத் துடைத்து வைத்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"கிடைச்சுதா?"

"இல்லக்கா. பெயிண்ட் அடிச்சப்ப பழைய பேப்பரோட சேர்த்துப் போட்டுட்டேன் போல."

"போல இல்ல, போட்டுட்டே."

தம்பி தலையைச் சொறிந்தான். அவள் மேற்கொண்டு திட்டவில்லை. திட்டினாலும் அந்த வரி உத்தரவுக் காகிதம் திரும்பி வராது.

ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையை விட்ட பிறகு, பதினோரு வருஷமாக வீடு வீடாகப் போய்ப் படுத்திருப்பவர்களைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் பிழைப்பு. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் மருந்துக்கும் டயப்பருக்கும் ஆக்சிஜன் வாடகைக்கும் அவள் கணக்கில்தான் பணம் போடுவார்கள். அவள் வாங்கிக் கொடுத்து பில்லை அனுப்பிவிடுவாள். இந்தப் பணத்தையும் வருமான வரி அலுவலகம் முன்பு ஒருமுறை அவள் வருமானம் என்று எண்ணி விளக்கம் கேட்டது. பில்களையெல்லாம் பார்த்த அதிகாரி, கூலி மட்டுமே இவர் வருமானம் என்று மதிப்பீட்டு உத்தரவில் தெளிவாக எழுதினார். இப்போது அடுத்த வருஷத்துக்கும் அதே கேள்வி நோட்டீஸாக வந்திருக்கிறது. பதில் சொல்ல இருபத்தொரு நாள். பழைய உத்தரவைக் காட்டினால் பேச்சு சுருக்கமாக முடியும். இல்லையென்றால் அடுத்தவர் மருந்துக் காசுக்கு இவள் வரி கட்டி, சேமிப்பு முழுவதையும் தொலைக்க வேண்டியதுதான்.

நோட்டீஸ் வந்த இரண்டாம் நாளே கடிதம் எழுதிவிட்டாள். உத்தரவு தொலைந்துவிட்டது, சான்றிட்ட நகல் வேண்டும், அதற்குரிய கட்டணத்தைச் செலுத்துகிறேன் என்று எழுதி, வரி எண், முகவரி, வருஷம் எல்லாம் கேஸ் ஷீட் போல வரிசையாகப் போட்டாள். பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது: நீங்கள் குறிப்பிட்ட மதிப்பீட்டு ஆண்டுக்கு உத்தரவு எதுவும் பிறப்பிக்கப்படவில்லை.

மறுநாள் நேரிலேயே போனாள். கவுன்டரில் கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்த எழுத்தர் அம்மாள் கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். மூன்று வரி படித்ததும் விரல் ஓரிடத்தில் நின்றது.

"சம்பாதிச்ச வருஷத்தை எழுதியிருக்கீங்க மேடம். மதிப்பீட்டு ஆண்டு அதுக்கு அடுத்தது."

"காய்ச்சல் வந்த தேதியைத்தானே சார்ட்டுல எழுதுவோம்?"

"இங்க காய்ச்சல் போன பிறகுதான் டெம்பரேச்சர் பார்ப்போம்."

எழுத்தர் அம்மாள் சிரிக்காமல்தான் சொன்னாள். பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார்.

ஆண்டு சரியானாலும் அது மட்டும் போதாதாம். அலுவலகம் இடம் மாறியபோது பழைய கோப்புகள் எல்லாம் பதிவறைக்குப் போய்விட்டன. உத்தரவின் எண்ணும் தேதியும் தெரிந்தால் உடனே எடுக்கலாம், தெரியாவிட்டால் எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்றாள். சிஸ்டர் பையிலிருந்து தடித்த நோட்டு ஒன்றை எடுத்தாள். கைக்கு வந்தது எதுவானாலும் நேரத்தோடு எழுதி வைப்பது ஆஸ்பத்திரியில் பிடித்த பழக்கம். மாத்திரை, மலம், சிறுநீர் இவற்றுக்கு நடுவே அது இருந்தது: காலை பதினொன்று பத்து, பதிவுத் தபால், வரி உத்தரவு, இன்ன எண், இன்ன தேதி.

"இதெல்லாமா எழுதுவீங்க?" என்றாள் எழுத்தர் அம்மாள், மூக்கைச் சுளித்தபடி.

"எழுதலேன்னா அடுத்த ஷிப்டுக்காரி மறுபடியும் மருந்து குடுத்துடுவா."

அங்கேயே நின்று புதுக் கடிதம் எழுதினாள். மதிப்பீட்டு ஆண்டு, உத்தரவு எண், தேதி, வரி அலுவலக வார்டு எண் எல்லாம் ஏறின. அடையாள அட்டை நகலைச் சேர்த்து, கட்டணம் கட்டிய ரசீதையும் இணைத்துக் கொடுத்தாள். தன் பிரதியில் முத்திரை விழுந்த பிறகே நகர்ந்தாள்.

பத்தொன்பதாம் நாள் பிற்பகல் நகல் கிடைத்தது. ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரையும் கையெழுத்தும் இருந்தன. அவள் நின்றபடியே பக்கங்களைத் திருப்பினாள். இரண்டாம் பக்கத்தில் நான்காவது பத்தி அப்படியே இருந்தது: நோயாளிகளின் செலவுக்காக வந்த தொகை இவரது வருமானம் ஆகாது. மூன்று வாரமாகத் தோளில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது. ஆபீஸ் படியிலேயே உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். பாட்டிலில் இருந்தது முழுவதையும் குடித்தாள். பிறகு தம்பிக்குப் போன் செய்தாள்.

"கிடைச்சுடுச்சு. இனி என் அலமாரியத் தொட்டே, கையிலயே ஊசி போட்டுடுவேன்."

அவன், "சரிக்கா, சரிக்கா" என்றான். அவனுக்கும் மூச்சு திரும்பி வந்தது தெரிந்தது.

மறுநாள் காலை பெரியவரைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, கஞ்சி கொடுத்தாள். கடை திறந்ததும் நகலை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை நோட்டீஸுக்கு எழுதிய பதிலோடு சேர்த்துத் தைத்தாள். வரி அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்து, தேதி முத்திரை வாங்கிக்கொண்டு, அடுத்த நோயாளி வீட்டுக்குப் பஸ் ஏறினாள்.