டிரம் தண்ணீரைப் பற்றி ஒரு மின்னஞ்சல்

எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, மும்பை செம்பூரில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பிஎச்.டி. ஆசை மட்டும் விடவில்லை. வெளிநாட்டுப் பேராசிரியர்கள் பலருக்கு ஒரே கடிதத்தைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினேன். ஒருவரும் பதில் போடவில்லை.

மாட்டுங்காவில் இருந்த என் கல்லூரித் தோழி அப்போது பிஎச்.டி. செய்துகொண்டிருந்தாள். கடிதத்தைப் படித்ததும் உதட்டைப் பிதுக்கினாள்.

"யாருக்கு வேணாலும் அனுப்பலாம் போல இருக்குடி இது. அவா பேப்பர் ஒண்ணாவது படிச்சியோ? உன் கேள்வி என்னன்னே இதுல இல்லையே."

சுருக்கென்றது. ஆனால் உண்மை.

இந்த முறை ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுத்தேன். குழாயில் சில மணி நேரம் மட்டுமே தண்ணீர் வரும் நகரங்களை ஆராய்பவர். தண்ணீர் நின்றிருக்கும்போது குழாய் விரிசல் வழியே சாக்கடை கசியும், அதனால் முதலில் வரும் தண்ணீர்தான் மோசம் என்றது அவர் கட்டுரை. தாராவியில் வளர்ந்த எனக்கு அது புதிதில்லை. ஆனால் அவர் குழாயடியோடு நின்றுவிட்டார். பிடித்து வைத்த தண்ணீர் வீட்டு டிரம்மில் கிடக்கும்போது அதிலுள்ள குளோரின் எவ்வளவு நேரம் தாங்கும்? கிருமி எப்போது பெருகும்? அதைத்தான் ஆராய விரும்புகிறேன் என்று எழுதினேன். அடுத்த ஆண்டு மாணவர்களைச் சேர்க்கிறீர்களா என்று கேட்டு, சுயவிவரத்தையும் மதிப்பெண் பட்டியலையும் இணைத்து அனுப்பினேன்.

மூன்றாவது வாரம் பதில் வந்தது. லோக்கல் ரயிலில் நின்றபடி படித்தேன். நன்றாக யோசித்து எழுதியிருக்கிறீர்கள் என்று பாராட்டியிருந்தார். ஆராய்ச்சி நிதி முடிந்துவிட்டதால் புதிதாக யாரையும் சேர்க்கவில்லையாம். "உங்கள் கேள்விக்கு என் மாணவி ஒருத்தி சமீபத்தில் விடை கண்டிருக்கிறாள்" என்று அவளுடைய ஆய்வேட்டையும் இணைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து திறந்தேன். என் கேள்வியேதான், நான் கேட்டதைவிடத் தெளிவாக. நடுவில் ஒரு புகைப்படம்: எங்கள் சந்து, வாசல்களில் நீல டிரம்கள். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஏ, இது நம்ம டிரம்லா! வெள்ளக்காரப் பிள்ள ஒண்ணு வந்துச்சு. நீ காலேஜுக்குப் போயிருந்த. நாந்தான் மூடியத் தொறந்து காமிச்சேன். நெதமும் வந்து பாட்டில்ல புடிச்சிட்டுப் போவா. நல்ல பிள்ள."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"தண்ணி எடுத்துட்டுப் போனதுல சொல்லுததுக்கு என்னட்டி இருக்கு?"

அம்மா படத்தை இன்னொரு முறை பார்த்துச் சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

வேறு கேள்வியோடு வேறு ஒருவருக்கு எழுது என்றாள் தோழி. உட்காருவேன். 'மதிப்பிற்குரிய பேராசிரியருக்கு' என்பதற்குக் கீழே ஒரு வரியும் வராது. என்னிடம் இருந்ததே அந்த ஒரு கேள்விதான். அந்த ஆண்டு விண்ணப்பிப்பதற்கான கடைசித் தேதிகள் ஒவ்வொன்றாகக் கடந்துபோயின. எனக்குப் பதில் போட்ட அந்த ஒருவருக்கு நன்றி என்றுகூட நான் எழுதவில்லை.