நான் வாங்காத பைக்

வீட்டுக் கடன் கேட்டபோதுதான் தெரிந்தது: நான் வாங்காத பைக்குக்குக் கடன் பாக்கி என்று என் கிரெடிட் ரிப்போர்ட் சொன்னது. அந்த ரிப்போர்ட்டைத் தயாரிக்கும் கிரெடிட் பீரோவுக்கு எழுதினேன். கடன் கொடுத்த நிறுவனம் ஒப்புக்கொண்டால்தான் திருத்துவார்களாம். நிறுவனத்துக்கும் எழுதிவிட்டு, கடன் பதிவாகியிருந்த அதன் திருப்பதிக் கிளைக்கு நேரில் போனேன்.

"இன்னா சார், ஏன் அலஞ்சிக்கினு? கொஞ்சம் கட்டிடுங்க, செட்டில் பண்ணிடலாம்" என்று சிரித்தார் மேனேஜர்.

அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. கட்டினால் கடன் என்னுடையதாகிவிடும். "விண்ணப்பத்தைக் காட்டுங்க" என்றேன். அதில் பான் எண் என்னுடையது; கையெழுத்து மட்டும் தெலுங்கில் இருந்தது. என் பான் கார்டில் இருப்பது தமிழ்க் கையெழுத்து. அதன் நகலோடு பீரோவுக்கும் நிறுவனத்துக்கும் மறுபடி எழுதினேன்.

அடுத்த ரிப்போர்ட்டில் கடன் இல்லை. அந்த விண்ணப்பத்தில் என் பான் எண்ணை எழுதியது யார் என்று கேட்ட கடிதத்துக்கு மட்டும் இன்றுவரை பதில் இல்லை.