கோதுமை இல்லை என்று நான் எழுதியது

குட்மேய்ஸில் ஒரு கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த விளம்பரத்தில் என் அப்பாவின் கையைப் பார்த்தேன். வேறு யாருக்கும் அது ஆவி பறக்கும் கோப்பையைப் பிடித்த ஒரு கை, அவ்வளவுதான். பயணப்பெட்டி ஒன்று விழுந்து வளைந்துபோன அந்தக் கட்டைவிரல் நகத்தை எனக்குத் தெரியும். அப்பா விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை செய்கிறார். ஹவுன்ஸ்லோவில் எங்கள் சமையலறையில், வேலைச் சட்டையோடு அவரை நிற்க வைத்து அந்தப் படத்தை எடுத்தது நான்தான்.

மசாலாத் தூள் செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் விளம்பரம் எழுதுவது என் வேலை. கோப்பையில் போட்டு வெந்நீர் ஊற்றினால் போதும் என்ற ரசப் பொடியும் என் யோசனைதான். ‘ஷிப்ட் முடிஞ்சுதா? ரசம் குடியுங்கோ’ என்று எழுதியிருந்தேன். கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளில் ‘வேலை முடிஞ்சுதா? ரசம் குடியுங்கோ’ என்று இருந்தது. கீழே வேறொரு நிறுவனத்தின் பெயர். ஒரு பொட்டலம் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். மல்லி, மிளகு, சீரகம், உள்ளிப்பூண்டு, புளி, பெருங்காயம். அதன் கீழே தடித்த எழுத்தில் ‘கோதுமை இல்லை’. அந்த வரியும் என்னுடையதுதான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகமும் போனேன். உள்ளூராட்சிக் கவுன்சிலில் இருந்து கடிதம் வந்தால் அம்மா உறையைக்கூடப் பிரிக்காமல் எனக்காக எடுத்து வைப்பார். என் எழுத்தை ஒருவர் எடுத்துக்கொண்டார் என்றதும், எனக்கு வந்த கோபம் ஒரு ரசப் பொடிக்கு வரவேண்டிய அளவில் இல்லை.

நிறுவனத்தை நடத்துபவரை எல்லோரும் அக்கா என்போம். இரண்டு பொட்டலங்களையும் அவர் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு, இரண்டிலும் இருந்த என் அப்பாவின் கையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“கொப்பருக்கு ரெண்டு கொம்பனியிலும் வேலை கிடைச்சிட்டுது.”

“அக்கா, இது பகிடி இல்லை. களவு.”

“ஓம் பிள்ளை, படம் களவு, எழுத்தும் களவு. ஆனா ரசம் எங்கட இல்லை. கோப்பையில ஊத்திக் குடிக்கிறதும் எங்கட இல்லை. நாளைக்கு இன்னும் பத்துப் பேர் செய்வினம். எல்லாத்தையும் திகதியோட படம் எடுத்து வையும். எங்கட படத்தையும் எழுத்தையும் நீக்கச் சொல்லி அவைக்கு மரியாதையா ஒரு கடிதம் போடுவம். நீக்காட்டி அதுக்குப் பிறகு பார்ப்பம். வெளியில ஒண்டும் போட்டுடாதையும்.”

“ஓம் அக்கா” என்றேன். கடிதம் எழுதவில்லை. மதியத்துக்குள் இரண்டு பொட்டலங்களின் படத்தையும் எங்கள் இணையப் பக்கத்தில் போட்டு, ‘எங்கள் சொல்லைத் திருடலாம், எங்கள் ருசியை ஏலாது’ என்று எழுதினேன். கைத்தட்டல்கள் வந்தன. யாரோ அந்த நிறுவனத்தின் பக்கத்துக்குப் போய் ‘வெக்கமில்லையோ’ என்று எழுதினார். அதைப் பார்த்து இன்னும் பலர் போனார்கள். ஒவ்வொன்றையும் வாசித்தேன். வாசிக்க இனித்தது என்பதை இங்கே மறைக்கப் போவதில்லை.

அக்கா பதிவைக் கண்டுவிட்டு எடுக்கச் சொன்னார். “இவ்வளவு ஆதரவு வருகுதே அக்கா, ரெண்டு நாள் இருக்கட்டும்” என்று இழுத்தேன். அவர் நல்லூரில் ஒரு செத்தவீட்டுக்காக ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பெட்டி கட்டும் அவசரத்தில் அதை அப்படியே விட்டுவிட்டார்.

அடுத்த நாள் அந்த நிறுவனத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. ‘உங்கட ரசத்துக்கு எந்தப் பெருங்காயம் பாவிக்கிறியள்? தயவுசெய்து சொல்லுங்கோ, அவசரம்.’

எழுத்தை எடுத்தது போதாமல் இப்போது செய்முறையையும் கேட்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். ‘அதையும் எங்களிட்டையோ கேக்கிறியள்? அடுத்ததா கதவுத் திறப்பையும் தரவோ?’ என்று பதில் போட்டேன். அந்த உரையாடலைப் படமாக்கிப் பக்கத்திலும் போட்டேன். பிறகு அவர்கள் எனக்கு எழுத முடியாதபடி தடுத்துவிட்டேன்.

நான்கு நாள் கழித்து அக்கா திரும்பி வந்த அன்று அலுவலகத் தொலைபேசி அடித்தது. அவர்தான் எடுத்தார். “ஓம்… எப்ப?… பிள்ளைக்கு இப்ப எப்பிடி?” என்று மட்டும் கேட்டது. வைத்ததும் கலவை அறைக்குப் போய்ப் பெருங்காய டின்னைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

“வாசியும்.”

பெருங்காயத் தூளைப் பெரும்பாலும் தனியாக அடைப்பதில்லை, மாவில் கலந்துதான் அடைக்கிறார்கள். டின்னின் பின்னால், பொடி எழுத்தில், இரண்டாவது பொருளாகக் கோதுமை மா என்று ஆங்கிலத்தில் இருந்தது. எங்கள் ரசத்தில் இருந்த ஒவ்வொரு பொருளையும் மனதுக்குள் நினைத்துப் பார்த்து, இதில் கோதுமை எங்கே வரப்போகிறது என்றுதான் நான் அந்த வரியை எழுதினேன். டின்னை எடுத்து வாசிக்கவில்லை.

தொலைபேசியில் பேசியது அந்த நிறுவனத்தார். அவர்களுடைய பொடியைக் குடித்து, கோதுமை ஒத்துக்கொள்ளாத ஒரு பையனுக்கு நோய் வந்திருக்கிறது. அவர்கள் தங்கள் டின்னைப் பார்த்திருக்கிறார்கள். அன்றே எல்லாவற்றையும் கடைகளிலிருந்து திருப்பி எடுத்துவிட்டு, எங்களுடையதிலும் இருக்குமோ என்று பயந்துதான் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நான் தடுத்து வைத்திருந்த நான்கு நாளும் எங்கள் பொட்டலங்கள் விற்றுக்கொண்டிருந்தன.

“நீரே அவைக்கு எடுத்துக் கதையும்” என்றார் அக்கா.

மறுமுனையில் இருந்தவள் குரலில் என் வயதுக்காரி போலிருந்தாள். மன்னிப்புக் கேட்டேன். அவளும் கேட்டாள்.

“படத்தை எடுத்தது எங்கட பிழை. எழுத்தும்தான். ஆனா அந்தக் கோதுமை வரியை நாங்கள் ஏன் பார்க்காமல் போட்டனாங்கள் எண்டால்… உங்கட எழுத்தைப் பார்த்தால் படிச்ச ஆள் எழுதினது மாதிரி இருந்தது. பார்த்துத்தான் எழுதியிருப்பினம் எண்டு நம்பிட்டம்.”

அவள் குத்திச் சொல்லவில்லை.

கவுன்சிலின் உணவுப் பிரிவுக்கு அக்கா அறிவித்தார். நான் பழைய பதிவுகளை எடுத்துவிட்டு மன்னிப்பு எழுதினேன். ‘எங்கள் எழுத்தைப் பிரதி செய்தவர்கள் ஆயினும்’ என்று தொடங்கியிருந்தேன். அக்கா அந்தப் பாதியை அடித்துவிட்டு மிச்சத்தைப் போடச் சொன்னார். எங்கள் பக்கத்தில் கோதுமை பற்றிக் கேட்டு வாங்கிய எல்லோருக்கும் தனித்தனியாக எழுதினேன். ஹரோவில் இருக்கும் ஒரு அம்மா மட்டும் பதில் போட்டார். ‘மகள் ரெண்டு கிழமையா வயித்துக்குத்து எண்டவள். இப்ப விளங்குது.’

திரும்பப் பெறும் அறிவித்தலைக் கடைகளில் ஒட்டவேண்டும். எப்படி எழுதுவது என்று தெரியாமல் நின்றபோது, தொலைபேசியில் பேசிய அந்த நிறுவனத்துப் பெண், தான் எழுதியதை அனுப்பினாள். பெயரையும் பொட்டல இலக்கத்தையும் மாற்றி, மிச்சத்தை அப்படியே அச்சடித்தேன். ஹரோவில் ஒரு கடைக்காரர் அதைக் கையில் வாங்கி, தன் கண்ணாடியில் ஏற்கெனவே ஒட்டியிருந்த அவர்களுடைய தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

“என்ன தங்கச்சி, சொல்லுக்குச் சொல் ஒண்டாயிருக்கு. அவை போன கிழமையே கொண்டுவந்து ஒட்டிட்டினம். நீங்கள் இப்பதான் பார்த்து எழுதிக்கொண்டு வாறியளோ?”

“ஓம் அண்ணை. அவையின்ரயைப் பார்த்துத்தான் எழுதினனான்” என்றேன்.

அவர் ஒட்டுநாடாவை எடுத்துத் தந்தார்.