வலப்பக்கத் தவளை

குளியலறை வாளிக்குள் சோப்புக்கட்டி நழுவி விழுகிறது. பொளக். மற்றவர்களுக்கு அது வெறும் சத்தம். எனக்கு அது ஒரு பனியன் கம்பெனியின் மாடி, அங்கே சொல்லவேண்டிய ஒரு சொல்லைச் சொல்லாமல் நான் நின்ற ஒரு மத்தியானம்.

கீழே செக்கிங் செக்ஷன். நீள மேசைகளில் வெள்ளை பனியன்களைப் புரட்டிப் புரட்டி ஓட்டை தேடுவார்கள். மேலே, பழைய நூல் கோன்களை அடைத்து வைத்திருந்த அறையில், ஏசி மாட்டி, ‘கேம் ஸ்டூடியோ’ என்று பலகை வைத்திருந்தார் முதலாளி. ஏற்றுமதிக்காரர்களின் கல்யாண வீடுகளில் ‘நம்முளுது பனியன் மட்டும் இல்லீங்க’ என்று சொல்லிக்கொள்ள அவருக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. அங்கே நான் வசனம் எழுதுபவன். ஆட்டத்தில் பேசுவது இரண்டு தவளைகள். அவை பேசுவதும் ‘ஐயோ’, ‘அப்பாடா’ என்ற இரண்டே சொற்கள். இதற்கு ஒரு கவிஞன், இருபத்தைந்து வருடம் சொற்களை வடிகட்டிய ஒருவன்! சிரிக்காமல் வேலைக்குப் போனேன், தினமும்.

வேலை செய்தது ஒரே ஒருத்தி. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். அப்பாவும் அம்மாவும் ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்து படிக்க வைத்த புரோகிராமர். ஆறு மாதம் சோதனைக் காலம். பெங்களூரிலிருந்து வரும் பதிப்பாளர்கள் ஆட்டத்தை எடுத்துக்கொண்டால் வேலை நிரந்தரம், ஆட்டத்தின் முடிவில் திரையில் அவள் பெயரும் வரும் என்று முதலாளி சொல்லியிருந்தார். வேலையைவிட அந்தப் பெயர்மேல்தான் அவளுக்குக் கண். ‘எங்கம்மா போன்ல எறக்கிக் காட்டணும் அண்ணாச்சி’ என்பாள்.

ஆட்டம் எளிது. குளத்தைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்ப்பதுபோல ஒரு காட்சி. இடப்பக்கம் ஒரு இலை, வலப்பக்கம் ஒரு இலை, ஆளுக்கொரு தவளை. நட்டநடுவில் கல் விழும். அலை வந்து இலையைச் சாய்க்கும். விரலால் தவளையைச் சமன்செய்து கடைசிவரை நிற்பவர்தான் ஜெயித்தவர்.

அந்தத் தண்ணீர் தண்ணீரே இல்லை என்பதை அவள்தான் எனக்குக் காட்டினாள். மேற்பரப்பு முழுக்க நெருக்கமாக நட்ட தூண்கள். ஒவ்வொரு தூணும் ஒரு ஸ்பிரிங். ஓய்வு மட்டத்திலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவு பலமாக அது திரும்ப இழுக்கும். வேகத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொண்டே வந்தால் ஆட்டம் அடங்கும், கழிக்க மறந்தால் குளம் விடிய விடியக் குதிக்கும். கல் விழுந்த இடத்துத் தூணுக்குக் கீழ்நோக்கி ஓர் உதை. அப்புறம் ஒவ்வொரு தூணும் பக்கத்துத் தூணோடு உயரத்தை ஒப்பிட்டு, வித்தியாசத்தில் ஒரு பங்கை அதற்குக் கொடுக்கும். அப்படிக் கைமாறிக் கைமாறிப் போவதுதான் அலை. தெறிக்கும் துளிகள் தனி. கல் வந்த வேகத்துக்கு ஏற்ப மேலே எறிந்து, விழ விட்டுவிடுவது.

முதல் வாரத்திலேயே அதை எழுதிவிட்டாள். முதலாளி வந்து உட்கார்ந்தார். எங்கே உட்கார்ந்தாலும் அவருக்கு இடப்பக்கம்தான், ஏதோ ஜோசியம். நான் வலப்பக்கம். பத்து ஆட்டம். பத்திலும் என் தவளை ‘ஐயோ’ என்றது.

“என்னுங்க கவிஞரே, ஒருக்கா கூடவா ஜெயிக்க மாட்டீங்க?” என்று முதலாளி தொடையில் தட்டிச் சிரித்தார்.

அலை வலப்பக்கம் பாய்ந்தும் இடப்பக்கம் தவழ்ந்தும் போவதை நானும் பார்த்தேன். பார்த்துவிட்டு வாயை மூடியிருக்கலாம். “தண்ணிக்கும் ஒரு திசை உண்டுங்க. ஓடிப் பழகுன தண்ணி நின்னாலும் ஓடுற ஞாபகத்துலயே அசையும்” என்றேன். எவ்வளவு அழகான பொய்! முதலாளி கண்ணை மூடி ரசித்தார். அன்று சாயங்காலமே ஆட்டம் ஏற்றியிருந்த அந்தப் போனை பாலிபேக்கில் போட்டு, ஸ்டேப்லர் அடித்து, அட்டை கட்டி, கையெழுத்திட்டு ஆணியில் மாட்டினார். சீல் சாம்பிள். பனியனில், சரக்கு வாங்கும் பையர் ஒப்புக்கொண்ட பீஸை இப்படித்தான் கட்டி வைப்பார்கள். அதற்குப் பிறகு ஒரு தையல்கூட மாறக்கூடாது.

மறுநாள் அவள் என்னிடம் வந்தாள். “அண்ணாச்சி, அது தண்ணி ஞாபகமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. என் தப்பு. எடப்பக்கத்துலருந்து ஒவ்வொரு தூணா மாத்திக்கிட்டே போறேன். மாத்துன ஒசரத்த வச்சே அடுத்த தூண கணக்கு போடுது. அதனால ஒரே சுத்துல வலப்பக்கம் கடேசி வரைக்கும் சேதி போயிருது. எடப்பக்கம் ஒரு சுத்துக்கு ஒரு தூணுதான் நகருது. மொதல்ல எல்லாத்தையும் பழைய ஒசரத்துலயே கணக்கு போட்டு வச்சுக்கிட்டு, அப்புறம் ஒண்ணா சேக்கணும். பத்து நிமிச வேல.”

முதலாளிக்கு மெயில் போட்டாள், எனக்கும் ஒரு நகல். முதலாளி நேரில் வந்தே பதில் சொன்னார். “அம்மிணி, சீல் போட்டாச்சு. போட்ட சாம்பிள்ல கை வெக்கறது நம்ம தொழில்ல கெடயாதுங்.”

“போன சீல் பண்ணலாம் சார். தப்ப எப்படி சார் சீல் பண்றது?”

“கவிஞரே நல்லாருக்குன்னுட்டாரு. உனக்கென்ன?”

கவிஞர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பதிப்பாளர்கள் வந்தார்கள், ஒரு ஆணும் ஒரு பெண்ணும். முதலாளி பாலிபேக்கைப் பிரித்தது கோயிலில் பரிவட்டம் பிரிப்பதுபோல இருந்தது. இருவரும் ஆடினார்கள். வலப்பக்கம் இருந்த பெண் ஐந்து முறை தோற்றாள். இடம் மாறி உட்கார்ந்தார்கள். இப்போது அந்த ஆள் ஐந்து முறை தோற்றார்.

“தண்ணி ஏன் ஒரு பக்கமா போகுது?” என்றாள் பெங்களூர்ப் பெண். “ரெண்டு பேர் ஆடுற ஆட்டத்துல இது ஓரவஞ்சனை இல்லையா?”

முதலாளி என்னைப் பார்த்தார். தண்ணீருக்குத் திசையும் ஞாபகமும் கொடுத்த நான் ஏசி ரிமோட்டைத் தேடினேன். புரோகிராமர் தன் போனை நீட்டினாள். திருத்திய குளம் அதில் இருந்தது. கல் விழுந்தது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில், ஒரே உயரத்தில் அலை போய்ச் சேர்ந்தது. ஆளுக்கு ஆள் மாறி மாறி ஜெயித்தார்கள், சத்தம் போட்டார்கள், இன்னொரு ஆட்டம் என்றார்கள். ஆட்டத்தை எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

கார் போனதும் முதலாளியின் முகம் மாறியது. “சீல் சாம்பிள் ஒண்ணு இருக்க, அப்ரூவல் இல்லாம இன்னொரு லாட் ஒளிச்சு வெச்சிருந்துருக்கறே. பையர் முன்னால என்னைய நிக்க வெச்சுட்டே.”

“முன்னாலயே சொன்னேன் சார். மெயில் இருக்கு. அண்ணாச்சிக்கும் ஒரு நகல் போட்டேன்.”

“எனக்கு வர்ற மெயிலெல்லாம் நான் படிச்சுட்டிருக்க முடியுமா? ஏனுங்க கவிஞரே, உங்குளுக்கும் போட்டுச்சாமே. வந்துச்சுங்களா?”

ஆமாங்க என்று ஒரு சொல் போதும். இருபத்தைந்து வருடம் சொற்களோடு புரண்டவனிடம் அந்த ஒன்று இல்லை.

“ஞாபகம் இல்லீங்க” என்றேன்.

சோதனைக் காலம் அன்றோடு முடிந்தது. ஆட்டம் பிறகு வெளிவந்தது. தண்ணீரை எல்லோரும் புகழ்ந்தார்கள். முடிவில் ஓடும் பெயர்களில் முதலாளி இருக்கிறார், கம்பெனி இருக்கிறது, ‘கவித்துவ ஆலோசனை’ என்று நானும் இருக்கிறேன். அவள் இல்லை.

வேலை போன அன்று படிக்கட்டு வரை அவள் பின்னாலேயே போனேன். கீழே செக்கிங் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். தோள்பையை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றாள். எனக்குள் ஒரு நல்ல வாக்கியம் உருண்டு திரண்டது, மன்னிப்பு மாதிரி ஒன்று. என் முகத்திலிருந்தே அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

“வேண்டாம் அண்ணாச்சி. இதையாச்சும் அழகா எழுதாம விட்டுருங்க. வாரேன்.”