துக்க வீட்டு டீ

பாடாலூர் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் என் டீக்கடை. எதிர்ச்சாரியில் அந்தக் கம்பெனிக் கடையைத் திறந்த அன்று நானும் போய் ஒரு டீ குடித்தேன். பெரிய ஊர்களில் எல்லாம் கிளை உள்ள கடை. கண்ணாடிக் கதவு, ஏசி, கார் நிறுத்த இடம், ஒரே நிறத்தில் சட்டை போட்ட ஆட்கள். டீ நன்றாகவே இருந்தது. மட்டமாக இருந்திருந்தால் நிம்மதியாகத் திரும்பியிருப்பேன்.

இரண்டு மாதத்தில் என் பெஞ்சு காலி. பள்ளிக்கூட வாத்தியார்கள், பேங்க் ஆட்கள், திருச்சிக்குப் போகிற கார்காரர்கள் எல்லோரும் அங்கேதான். வீட்டில் கல்யாண வயதில் ஒரு பெண். இந்தக் கடையை விட்டால் எனக்கு வேறு பிழைப்பு தெரியாது. பயத்தில் மனுஷன் செய்கிற அத்தனை கோமாளித்தனத்தையும் செய்தேன். அவர்களைப் போலவே பேப்பர் கப் வாங்கினேன். சாக்லேட் டீ, ரோஜா டீ என்று பதினாலு வகையைப் பலகையில் எழுதி மாட்டினேன். விலையையும் குறைத்தேன். ரோஜா டீ கேட்டவர் ஒரே ஒருவர். அவரும் பாதியைக் கீழே ஊற்றிவிட்டுப் போனார். பழைய ஆட்களோ பலகையைப் பார்த்துவிட்டு, இது நம்ம கடை இல்லை என்கிற மாதிரி நகர்ந்தார்கள்.

பெரம்பலூரிலிருந்து வாரம் ஒருமுறை வருகிற டீத்தூள் சேல்ஸ்மேன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "பொசிஷன் சரியில்லண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். அன்றைக்கே பாய்லர் மேடையை இடித்து, ரோட்டைப் பார்க்கத் திருப்பிக் கட்டினேன். அடுத்த வாரம் வந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சிரித்து முடித்த பிறகுதான் விளக்கினார்.

"பொசிஷன்னா கடையில இல்லண்ணே, சனங்க மனசுல. அவனை மாதிரியே நீங்க செஞ்சா, அங்க எடம் இல்லாதப்பதான் உங்ககிட்ட வருவாங்க. சனங்களுக்கு வேணும், அவனால முடியாது, உங்களால முடியும். அப்படி ஒண்ணு பாருங்க."

சொல்வதற்கு என்ன, வாய்க்கு வாடகையா கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மாதக் கடைசியில் ஊர் ரைஸ்மில்காரர் இறந்துபோனார். எங்கள் பக்கம் பிணம் எடுக்கும்வரை அந்த வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். வருகிறவர்களுக்கு டீ வெளியிலிருந்துதான் வர வேண்டும். வெளியூரிலிருந்து வந்த மகன்கள் கம்பெனிக் கடையில் சொல்லிவிட்டார்கள். அங்கே மொத்த ஆர்டரை முந்தின நாளே சொல்ல வேண்டும். சாவு முந்தின நாளே சொல்லிவிட்டா வருகிறது? மேனேஜரைப் பிடித்துக் கெஞ்சியும், காலையில் கேட்ட டீ மத்தியானம்தான் வந்தது. பேப்பர் கப்பைச் சுற்றிலும் பூப்போட்டு, "நன்றி, மீண்டும் வருக" என்று அச்சடித்திருந்தது.

துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லாமல் எழுந்து போகிற சனங்கள் நாங்கள். இறந்தவரின் தம்பி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த எழுத்தை ஒரு முறை வாய்விட்டு வாசித்தார். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். அவர் கப்பைக் கீழே வைத்துவிட்டு, கூட்டத்தில் நின்ற என்னைப் பார்த்தார்.

"மாப்ள, நம்ம கடையில ஒரு கேன் டீ போட்டு எடுத்துட்டு வாங்க."

நான் ஓடினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஓடும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு மனுஷன் செத்துக் கிடக்கிறான், எனக்கு வழி தெரிந்துவிட்டது.

பலகையைக் கழற்றினேன். எந்த நேரத்தில் போன் வந்தாலும் அரை மணியில் கேனோடு போய் நின்றேன். பேப்பர் கப் இல்லை, கழுவிய எவர்சில்வர் டம்ளர். அழுது அழுது தொண்டை கட்டியிருக்கும் என்பதால் இஞ்சி கூடுதல். வெறும் வயிற்றோடு இருப்பார்கள் என்பதால் சர்க்கரையும் ஒரு பிடி தூக்கல். கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தால் வாங்கி ஓரமாக வைத்துவிடுவார்கள். அதனால் வாய் பொறுக்கிற சூட்டில் கொடுத்தேன். தெருமுனையிலேயே வண்டியை அணைத்துத் தள்ளிக்கொண்டு போவேன். யாரிடமும் பேச மாட்டேன். செட்டிகுளம் வரைக்கும் என் பேர் பரவியது. சாவு என்றதும் மேளத்துக்கு ஒரு ஆள், டீக்கு நான். கம்பெனிக் கடை அதன் பாட்டுக்கு ஓடியது, என் கடையும் நிமிர்ந்தது.

ஆனால் மனசு கெட்டுப்போனது. பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தவர்களையே ஒவ்வொருவராகக் கட்டிலில் மூக்கில் பஞ்சோடு பார்த்தேன். சர்க்கரை கம்மி, தூள் கொஞ்சம் ஜாஸ்தி என்று தினமும் கேட்ட குரல்கள், டீ ஆற்றும்போது காதுக்குள் அப்படியே கேட்கும். பாதி ஆற்றியதும் திரும்பிப் பார்ப்பேன். அதையாவது சகித்துக்கொள்ளலாம். பெஞ்சில் ஒருத்தர் விடாமல் இருமினால், இவருக்குச் சொந்தபந்தம் அதிகம், நாலு கேன் ஆகும் என்று எனக்குள்ளே ஒரு ஆள் தானாகக் கணக்குப் போட்டான். அவனை நான் கூப்பிடவில்லை. விரட்டினாலும் போகவில்லை.

காதுகுத்து, வளைகாப்புக்கு யாரும் என்னிடம் டீ சொல்வதில்லை என்பதை ரொம்ப நாள் கவனிக்காமலே இருந்தேன்.

போன தை மாதம் மகளுக்கு வரன் அமைந்தது. அரியலூர் பக்கம் ஆலத்தியூர். பையனுக்கு சிமெண்ட் ஆலையில் வேலை. நிச்சயத்துக்கு அழைக்க வண்டியில் கிளம்பினேன். முதல் வீட்டு வாசலில் நிறுத்தியதும், உள்ளேயிருந்து வந்த பெண் என்னைப் பார்த்து நெஞ்சில் கை வைத்து, "யாருண்ணே தவறிட்டாங்க?" என்றாள். கேனே இல்லை, கையில் வெற்றிலைப் பாக்குத் தட்டு. தட்டை அவள் பார்க்கவே இல்லை. நாலாவது வீட்டிலிருந்து நான் தெருவிலிருந்தே, நல்ல சேதிதான், நல்ல சேதிதான் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனேன்.

பையனின் மாமா மரியாதையான மனிதர். நிச்சயத்துக்கு இரண்டு நாள் முன்னால் போன் செய்து, எதை எதையோ பேசிவிட்டு, டீ மட்டும் அந்தக் கம்பெனிக் கடையில சொல்லிடலாங்களா என்று கேட்டார். காரணம் சொல்லவில்லை. சரிங்க என்றேன். மனைவி அடுப்படியில் திரும்பி நின்றுகொண்டாள். மகள் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவளும் அதையேதான் நினைத்திருக்கிறாள் என்று அப்போது புரிந்தது.

நானே அந்தக் கடைக்குப் போன் செய்தேன். எடுத்தது ஒரு பெண். நூற்றைம்பது டீ என்றதும் பெயரையும் ஊரையும் கேட்டாள். சொன்னேன்.

"அண்ணே, நீங்களா? எங்க அப்பா செத்தப்ப நீங்கதானே டீ கொண்டாந்தீங்க. ரெண்டு நாளு பச்சத்தண்ணி எறங்காத எங்கம்மா அந்த டீயத்தான் குடிச்சிச்சு. ஒங்க டீ மாதிரி எங்களுக்குப் போட வராதுண்ணே. ஒங்க வூட்டு விசேஷத்துக்கு எதுக்கு இங்க சொல்றீங்க?"

"என் பொண்ணுக்கு நிச்சயம்மா" என்றேன். அவளுக்கு விளங்கிவிட்டது. வேறெதுவும் கேட்காமல் எழுதிக்கொண்டாள்.