பட்டகங்களுக்கு நடுவே பஞ்சுத் தூசி

கண்ணுகளா, பள்ளிபாளையத்துப் பக்கம் ஒரு கல்லூரியில், இயற்பியல் ஆய்வகத்தில் நான் உதவியாளராக இருந்தது உங்களுக்குத் தெரியும். எழுபதுகளின் கடைசியில் அங்கே பட்ட ஓர் எரிச்சலைச் சொல்கிறேன்.

முக்கோணக் கண்ணாடிப் பட்டகத்தின் சாய்ந்த பக்கத்தில் உள்ளிருந்து வெளிச்சம் பட்டால், மொத்தமும் பக்கவாட்டில் திரும்பிப் போய்விடும். வெளியே ஒன்றுமே வராது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். புதிதாக வந்த வாத்தியார் வகுப்பில் வேறு மாதிரி சொன்னார்: அலை கண்ணாடியைத் தாண்டி, தலைமுடிப் பருமனில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு வெளியே நிற்கிறது. அந்தத் தூரத்துக்குள் இன்னொரு பட்டகம் வந்தால், வெளிச்சம் இடைவெளியைக் கடந்து அதற்குள் போய்விடும்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "கண்ணுல காட்டுங்க சார், நம்பறோம்" என்றான். வகுப்பு சிரித்தது. ஏற்கெனவே அவரை மதிக்காத வகுப்பு. "நாளைக்கே காட்டறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் இரண்டு பட்டகங்களின் சாய்ந்த பக்கங்களை நேருக்கு நேர் வைத்து அழுத்தினோம். பின்னால் பல்பு. ஒரு பொட்டு வெளிச்சம்கூட வரவில்லை. பக்கத்து விசைத்தறிப் பஞ்சுதான் எங்கும் பறக்குமே! ஒரு தூசி உட்கார்ந்தாலும் இடைவெளி அதிகமாகிவிடும். "ஃபேனை நிறுத்துங்க" என்றார். துடைத்தேன், மறுபடி துடைத்தேன். சித்திரை வெயில். அவர் குனிந்து பார்த்தபோது திடீரென்று அவர் முகத்திலேயே பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. பையன்கள் கை தட்டினார்கள்.

அவர் முகம் மட்டும் சுருங்கியது. பிரித்துப் பார்த்தால் நடுவில் ஈரம். நெற்றி வேர்வை சொட்டி இடைவெளியை நிரப்பியிருந்தது.

"இது இல்லப்பா. நடுவுல தண்ணி நின்னா வெளிச்சம் சாதாரணமாவே தாண்டிப் போயிரும். காத்து இருக்கோணும்."

"சார் வேர்வை சிந்திப் பாடம் நடத்தறாருடோய்!"

மறுபடி துடைத்து, திருகுபிடியில் வைத்து அவரே முறுக்கினார். இம்முறை வந்தது! துவரம்பருப்பு அளவு வெளிச்சம், ஓரத்தில் செம்மை. நீளமான அலை சிவப்பு, அதுதான் கொஞ்சம் கூடுதல் தூரம் தாண்டும் என்றார். ஒருவர் கண் வைத்தால் ஒருவருக்குத்தான் தெரியும். வரிசையாக வந்தார்கள். பாதிப்பேர் பார்த்ததும் ஒருவன் கேட்டான்: "இதும் வேர்வை இல்லீங்களே?"

"திருகைத் தளர்த்தறேன், பாரு. வெளிச்சம் மறைஞ்சிரும். வேர்வையா இருந்தா இப்படி மறையாது."

தளர்த்தினார். வெளிச்சம் மறைந்தது. மீண்டும் முறுக்கினார். வரவில்லை. திறந்த அந்த நொடியில் தூசி புகுந்துவிட்டது. முறுக்கினார், முறுக்கினார், பட்டகத்தின் முனையில் சில்லு பெயர்ந்தது. மணி அடித்தது.

சவால் விட்டவன் வரிசையின் கடைசியில் நின்றிருந்தான். "பரவால்லீங்க சார், பாத்தவங்க சொல்றாங்கல்ல" என்று பணிவாகச் சொல்லிவிட்டு, நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனான். கேலி செய்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

வாத்தியார் உடைந்த பட்டகத்தைக் கையில் வைத்தபடி, "ஏனுங்க, அந்த ஃபேனையாவது போடுங்க" என்றார்.