பாத்துக் குடுங்க அண்ணாச்சி

ஐம்பத்தொரு வயதில் வேலை போனால் ஆணுக்கு இரண்டு விஷயங்கள் வளரும். ஒன்று தாடி, இன்னொன்று பணிவு. எனக்குத் தாடி அங்கங்கே திட்டுத் திட்டாகத்தான் வரும் என்பதால், பணிவு இரண்டு மடங்காக வளர்ந்துவிட்டது.

எட்டு மாதம் டெக்சாஸில் ரிச்சர்ட்சன் ஊரில் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து அப்ளை பண்ணிக்கொண்டே இருந்தேன். இருபத்தைந்து வருஷ அனுபவத்தை ரெஸ்யூமேயில் பதினைந்தாகச் சுருக்கினேன். ஒரு இன்டர்வியூவில் என்னிடம் கேள்வி கேட்ட பையனுக்கு என் மகள் வயது. மகளாவது எனக்குக் கொஞ்சம் மரியாதை கொடுப்பாள்.

அப்போதுதான் ஒரு நண்பர் மூலமாக அண்ணாச்சி கிடைத்தார். திருநெல்வேலிக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நியூ ஜெர்சியில் வெஸ்ட் வின்ட்சர் வீட்டு பேஸ்மென்ட்டில் கன்சல்டிங் கம்பெனி நடத்துகிறார். கம்பெனி என்றால் அவர், அவர் மனைவி, ஒரு பிரிண்டர். ஆள் தேவைப்படும் இடத்துக்கு அவர் ஆள் அனுப்புவார். ஆள் கேட்ட கம்பெனி, அதாவது கிளையன்ட், மணிக்கு இவ்வளவு என்று அவருக்குக் கொடுக்கும். அதில் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை எனக்குச் சம்பளமாகப் போடுவார். எனக்குக் கிடைத்த கிளையன்ட் ரிச்சர்ட்சனிலேயே, என் வீட்டிலிருந்து பதினைந்து நிமிஷம். போன் லைன் ரிப்பேருக்கு ஆட்களை எந்த வண்டியில் எந்தத் தெருவுக்கு அனுப்புவது என்று சொல்லும் சாஃப்ட்வேர். என் வயதுக்குச் சமமான கோட். எங்கள் இருவருக்கும் உடனே ஒத்துப்போயிற்று.

அக்ரிமென்ட் பேசும் நாளில் அண்ணாச்சி போனில் கேட்டார்.

"ஷேரு எப்படி வச்சுக்கிடுவோம் தம்பி? நீங்க என்ன எதிர்பாக்கிய?"

எண்பதுக்கு இருபது, எழுபத்தைந்துக்கு இருபத்தைந்து என்றெல்லாம் இந்தத் தொழிலில் நடப்பது எனக்குத் தெரியும். நாக்கு நுனியில் எண்பது நின்றது. வாய் திறந்தபோது வந்தது வேறு.

"நீங்களே பாத்துக் குடுங்க அண்ணாச்சி."

அண்ணாச்சி பார்த்தார். நூற்றுக்கு அறுபத்தைந்து எனக்கு, முப்பத்தைந்து அவருக்கு. நன்றி சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

என் மனைவி அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கார் வாங்கப் போன இடத்துல ஓசி ஃப்ளோர் மேட்டுக்கு மூணு மணி நேரம் பேரம் பேசுன ஆளுதானுங்க நீங்க?"

"அது வேறம்மிணி."

"ஆமா, அது வேற. அது வெறும் மேட்டு."

வேலையில் சேர்ந்தேன். கான்ட்ராக்டர்களுக்கு ஆரஞ்சு நிற பேட்ஜ், நிரந்தர ஊழியர்களுக்கு நீலம். நீல பேட்ஜ்காரர்களுக்கு வெள்ளிக்கிழமை லஞ்ச் உண்டு. நான் அந்த நேரத்தில் காரில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவேன். வருத்தமெல்லாம் இல்லை, என் தயிர்சாதம் நன்றாகவே இருக்கும்.

என் மேனேஜர் திருச்சிக்காரர். நாற்பது வயதுப் பெண்மணி, கெட்டிக்காரர். மீட்டிங்கில் என்னைப் பெயர் சொல்லி இங்கிலீஷில் கூப்பிடுவார். பார்க்கிங் லாட்டில் "அண்ணா" என்பார். நான் இரண்டு இடத்திலும் "மேடம்" என்பேன். "ஐயோ, மேடம்னு சொல்லாதீங்க, எனக்கே வயசான மாதிரி இருக்கு" என்று பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். எங்களுக்குள் சொல்லாமலே ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. இங்கிலீஷில் பேசுவது ஆபீசுக்கு, தமிழில் பேசுவது எங்களுக்கு.

ஒரு வருஷ கான்ட்ராக்ட் முடியப் போகும் நேரம். எக்ஸ்டென்ஷன் வருமா வராதா என்று நான் யாரையும் கேட்காமல் எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சாயங்காலம் கார் பக்கத்தில் மேனேஜர் தமிழில் ஆரம்பித்தார்.

"அண்ணா, பட்ஜெட்ல பத்து பர்சென்ட் கட் பண்ணிட்டாங்க. இதே ரேட்டுக்கு உங்கள எக்ஸ்டெண்ட் பண்ண முடியாது. விடவும் மனசில்ல. அந்தக் கோட் உங்கள விட்டா யாருக்கும் புரியல. ஒண்ணு கேக்கட்டுமா, உங்க கைக்கு எவ்ளோ வருது?"

"வர்றது வருதுங்க மேடம்."

"சொல்லுங்கண்ணா. நாங்க அவருக்கு எவ்ளோ குடுக்கறோம்னு எனக்குத் தெரியும்."

"அது அண்ணாச்சிக்கும் எனக்கும் இருக்கறதுங்க."

அவர் குரலைத் தாழ்த்தினார். "சரி, கேளுங்க. கான்ட்ராக்ட் முடியட்டும். ரெண்டு மாசம் சும்மா இருங்க. என் ஃப்ரெண்ட் ஒருத்தர் ஏஜென்சி வெச்சிருக்காரு, பத்து பர்சென்ட்தான் எடுப்பாரு. அது வழியா வந்துருங்க. எங்களுக்கும் கம்மி, உங்களுக்கும் ஜாஸ்தி. நியூ ஜெர்சில இருக்கறவருக்கு எப்படித் தெரியப் போகுது? நம்ம ஆளுங்கதானே நாம."

என் அக்ரிமென்ட்டில் தெளிவாக எழுதியிருந்தது. முடிந்து ஒரு வருஷத்துக்கு அதே கிளையன்ட்டிடம் நேராகவோ வேறு வழியாகவோ போகக் கூடாது. அவர்கள் கம்பெனிக்கும் அதே நிபந்தனை இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அந்த வரி முதலில் ஞாபகம் வரவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். முதலில் ஞாபகம் வந்தது தொண்ணூறு பர்சென்ட்தான். வீட்டுக் கடன், மகளின் காலேஜ் ஃபீஸ் எல்லாம் வரிசையாக வந்து கார் பானெட்டில் உட்கார்ந்துகொண்டன. அதற்குப் பின்னால்தான், எட்டு மாதம் யாரும் போன் எடுக்காதபோது எடுத்த மனிதர் வந்தார். முப்பத்தைந்து எடுத்தார்தான். ஆனால் போனை எடுத்தார்.

"மேடம், நீங்க என் நல்லதுக்குத்தான் சொல்றீங்க, தெரியுதுங்க," என்றேன். "ஆனா ரேட்டப் பத்தி நீங்க அண்ணாச்சிகிட்டயே கேட்டுருங்க. பத்து பர்சென்ட் கொறைக்கணும்னு நேரா ஒரு மெயில் போடுங்க. என் வேலைல கொறை இருந்தா மட்டும் என்கிட்ட சொல்லுங்க."

"கேட்டா குறைப்பாரா?"

"தெரியலைங்க. கொறைக்கலைன்னா எனக்கு வேலை போயிரும், அவ்வளவுதானுங்க."

சொல்லிவிட்டு நானே ஆடிப்போனேன். அவர் முகம் சுருங்கியது. "ஓகே" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அடுத்த ஒரு வாரம் அண்ணா கிடையாது. பார்க்கிங் லாட்டிலும் பெயர்தான். நான் ஒன்றும் பேசாமல், கேட்ட வேலையை ஒரு நாள் முன்னால் முடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த சமாதானம் அது ஒன்றுதான்.

பார்க்கிங் லாட்டில் பேசிய அன்று ராத்திரியே வீட்டில் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். மனைவி அடுப்பை அணைத்தாள். அப்புறம் கேட்டாள்.

"அண்ணாச்சிக்கு நாயமா நடந்துட்டீங்க, சரி. உங்களுக்கு எப்ப நடப்பீங்க?"

மூன்றாவது நாள் அண்ணாச்சி கூப்பிட்டார்.

"தம்பி, அந்த அம்மா மெயில் போட்டிருக்காவ. பத்து பர்சென்ட் கொறைக்கணுமாம். இல்லன்னா எக்ஸ்டென்ஷன் இல்லியாம். அந்தப் பத்துல பாதிய ஒங்க பங்குலயும், பாதிய எம் பங்குலயும் கொறச்சுக்கிடுவமா?"

மனைவி எதிரே நின்றாள். கையில் கரண்டி இருந்தது. அது தற்செயல் என்றுதான் இன்றுவரை சொல்கிறாள்.

"இல்லீங்க அண்ணாச்சி," என்றேன். "ரேட்டக் கொறைங்க. ஆனா எனக்கு எழுபத்தஞ்சு பர்சென்ட் வேணும்."

அந்தப் பக்கம் பிரிண்டர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. நான் மனக்கணக்குப் போட்டு வைத்திருந்தேன். பழைய ரேட் நூறு என்றால் எனக்கு அறுபத்தைந்து. புதிய ரேட் தொண்ணூறு, அதில் எழுபத்தைந்து பர்சென்ட் அறுபத்தேழரை. கிளையன்ட்டுக்குக் குறையும், எனக்குக் கொஞ்சம் கூடும். அண்ணாச்சிக்குத்தான் முப்பத்தைந்து இருபத்திரண்டரையாகும்.

"ஏன் தம்பி, பாத்துக் குடுங்கன்னு நீங்கதான சொன்னிய? நான் பாத்தேன், எடுத்தேன். ஒரு வருஷமா ஒரு வார்த்த கேக்கலியே."

"தப்பு என்னுதுதானுங்க. போன வருஷத்த நான் கேக்கலை. இனிமேலுக்குக் கேக்கறேன்."

"கம்பெனிக்காரன் எனக்கு அறுவது நாள் கழிச்சுத் துட்டு தாரான். ஒங்களுக்கு ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா போட்டுருதேன். டாக்ஸுல கம்பெனி பங்கு, இன்சூரன்ஸு எல்லாம் எந் தலையில. தெரியும்லா?"

"தெரியும்ங்க. அதனாலதான் எண்பது கேக்கலை."

அண்ணாச்சி சிரித்தார். அப்புறம் குரல் மாறியது. "ஒண்ணு கேக்கேன். அந்த அம்மா ஒங்கள வேற வழியா வரச் சொல்லலியா? எல்லாவனும் சொல்லுவானே."

இங்கேதான் எனக்கு வழக்கமாக ஒரு ஜோக் வரும். அன்றைக்கு வரவில்லை.

"அண்ணாச்சி, என் பங்கு எவ்வளவுன்னு அவங்க கேட்டாங்க. நான் சொல்லலை. அவங்க என்கிட்ட என்ன பேசுனாங்கன்னு நீங்க கேக்கறீங்க. அதையும் நான் சொல்லக் கூடாதுங்க. உங்க பேப்பர்ல நான் கையெழுத்துப் போட்டிருக்கேன், அதுல நிக்கறேன். அவ்வளவுதானுங்க."

பிரிண்டர் நின்றது.

"எழுவது," என்றார் அண்ணாச்சி.

"எழுபத்தஞ்சுங்க."

"ஒங்க வீட்டம்மா பக்கத்துல நிக்காவளோ?"

"ஆமாங்க."

"அப்பஞ் சரி. எழுவத்தஞ்சு."

அடுத்த திங்கட்கிழமை மேனேஜர் மீட்டிங்கில், இவர் இன்னொரு வருஷம் நம்மோடு இருக்கிறார் என்று இங்கிலீஷில் அறிவித்தார். நீல பேட்ஜ்காரர்கள் நான்கு பேர் கை தட்டினார்கள். ஐந்தாவது ஆள் போனில் இருந்தார். மீட்டிங் முடிந்து மேனேஜர் காரிடாரில் என்னை நிறுத்தினார். சுற்றிலும் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

"அண்ணா, உங்க அண்ணாச்சி போன்ல கூப்பிட்டு ரேட் பேசினாரு. நேராத்தான் பேசினாரு. எனக்கும் மேல சொல்றதுக்கு வசதியா போச்சு. கடைசில, உங்கள வேற வழியா வரச் சொன்னேனான்னு கேட்டாரு. நான் என்ன சொன்னேன்னு கேக்க மாட்டீங்களா?"

"கேக்க மாட்டேனுங்க மேடம்."

"உங்களுக்கு ரொம்பத்தான்," என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். கேட்க நான் எவ்வளவு துடித்தேன் என்பது எனக்கும் அந்தக் காரிடார் தண்ணீர்க் குழாய்க்கும்தான் தெரியும். மூன்று தடவை தண்ணீர் குடித்தேன்.

அன்று மத்தியானம் புது அக்ரிமென்ட் மெயிலில் வந்தது. நான்கு பக்கம். இரண்டாம் பக்கத்தில் பங்கு எழுத வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. மறந்துவிட்டாரோ என்று கூப்பிட்டேன்.

"மறக்கல தம்பி. அத நீங்களே போடுங்க. நான் அதுக்குக் கீழ கையெழுத்துப் போடுதேன்."

காரில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். உண்மையைச் சொன்னால், எண்பது என்று ஒரு தடவை அடித்து, எப்படி இருக்கிறது என்று பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. அழித்துவிட்டு எழுபத்தைந்து அடித்தேன். அனுப்பிவிட்டு, ஸ்க்ரீனை ஒரு போட்டோ எடுத்து மனைவிக்கும் போட்டேன்.

இரண்டே நிமிஷத்தில் அண்ணாச்சியின் கையெழுத்தோடு அக்ரிமென்ட் திரும்பி வந்தது. என்ன எண் போட்டிருக்கிறேன் என்று அவர் பார்த்த மாதிரியே தெரியவில்லை.